கிளினிக்கைப் பற்றிக் கடுமையாக ரிவியூ எழுதலாம்: ஆனால் அவதூறு எங்கே தொடங்குகிறது?

மென்மையாக எழுதினால் வழக்கு வராது, கடுமையாக எழுதினால் வரும் என்பதுதான் பெரும்பாலோரின் எண்ணம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. "இந்த அளவுக்கு அலட்சியமான கிளினிக்கை நான் பார்த்ததே இல்லை" என்று கொதித்து எழுதியவர் பாதுகாப்பாக இருக்கலாம். "இங்கே லேபுக்கும் டாக்டருக்கும் ஏதோ ஏற்பாடு இருப்பதாகத் தெரிகிறது" என்று பணிவாக எழுதியவர் நீதிமன்றப் படியேற நேரலாம். முதல் வாக்கியம் அவருடைய மதிப்பீடு. இரண்டாவது, சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு குற்றச்சாட்டு. அதைச் சோதித்து நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில்தான் விழும்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, உள்ளூர் கிளினிக் ஒன்றைப் பற்றி இணையத்தில் எழுத நினைக்கும் நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்குமானது இந்த வழிகாட்டி. சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரு ரிவியூவை எடுத்துக்கொண்டு அதன் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அந்த ரிவியூவும் அதிலுள்ள தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

சட்டம் எதைக் கேட்கிறது

அவதூறுக்கு நம் நாட்டில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று குற்றவியல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமூக சேவை என்பது தண்டனை. மற்றது உரிமையியல், அதாவது பேச்சுவழக்கில் மானநஷ்ட வழக்கு. அதில் சிறை கிடையாது. நஷ்டஈடும் தடையுத்தரவும் கேட்கப்படும். ஒரே ரிவியூவுக்கு இரண்டு வழக்கும் போடலாம். கிளினிக் ஒரு நிறுவனமாக இருந்தாலும் அதற்கும் மானம் உண்டு என்று 356-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒரே ஒரு டாக்டர் நடத்தும் கிளினிக் என்றால், கிளினிக்கைச் சொன்னதே டாக்டரைச் சொன்னதுதான். பெயர் போடவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது.

குற்றவியல் அவதூறே கருத்துரிமைக்கு எதிரானது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் ஏற்க மறுத்து, அப்போதிருந்த 499, 500 பிரிவுகளை நிலைநிறுத்தியது. ஆகவே "என் கருத்து, என் உரிமை" என்பது மட்டும் பதிலாகாது. பதில் 356-ஆம் பிரிவிலேயே இருக்கும் பத்து விதிவிலக்குகளில்தான் இருக்கிறது.

ரிவியூ எழுதுபவருக்கு அந்தப் பத்தில் சிலவே நேரடியாக உதவும். முதல் விதிவிலக்கு உண்மையைப் பற்றியது: சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொது நன்மைக்குத் தேவையாகவும் இருக்க வேண்டும். உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டாலே போதும். குற்றவியல் வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் சேர வேண்டும். ஒன்பதாவது விதிவிலக்கு, தன்னுடைய அல்லது பிறருடைய நலனைக் காக்கவோ பொது நன்மைக்காகவோ நல்லெண்ணத்தோடு சொன்னதற்குப் பாதுகாப்பு தருகிறது. பத்தாவது, பிறருக்கு நல்லெண்ணத்தோடு விடுக்கும் எச்சரிக்கையைக் காக்கிறது.

இங்கே நல்லெண்ணம் என்பது நல்ல மனசு அல்ல. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. எனவே "ஊருக்கு நல்லது நினைத்துத்தான் எழுதினேன்" என்பவரிடம் நீதிமன்றம் கேட்கும் அடுத்த கேள்வி, "எழுதும் முன் என்ன விசாரித்தீர்கள்?" என்பதாக இருக்கும். பில்லைப் படித்தீர்களா, கிளினிக்கிடம் விளக்கம் கேட்டீர்களா, சொன்னதற்கு ஏதாவது காகிதம் இருந்ததா என்பதே பொருள். விதிவிலக்கில் வருகிறேன் என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது. ஆனால் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1965-இல் ஹர்பஜன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

கருத்துக்கும் குற்றச்சாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, 1860-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்றுவரை மாறாமல் வரும் ஓர் எடுத்துக்காட்டு மிக அழகாகக் காட்டுகிறது. ஆறாவது விதிவிலக்கின் கீழ் அது வருகிறது. ஒருவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, "இந்தப் புத்தகம் அசட்டுத்தனமானது, எழுதியவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்" என்று சொன்னால் குற்றமில்லை. அந்த முடிவு புத்தகத்திலிருந்தே எடுக்கப்பட்டது, படிப்பவர் புத்தகத்தைப் பார்த்துத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். "அந்த ஆள் ஒழுக்கம் கெட்டவர், அவர் எழுதிய புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை" என்று தலைகீழாகச் சொன்னால் குற்றம்; ஏனென்றால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அந்த மனிதர் மேல் ஏற்றியாகிவிட்டது. பொதுமக்கள் மதிப்பீட்டுக்கு முன்வைத்த படைப்புகளுக்காக எழுதப்பட்ட இந்த விதிவிலக்கு, கிளினிக்கின் சிகிச்சைக்கு நேராகப் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். ஆனால் அது சொல்லித்தரும் அளவுகோல் எல்லா ரிவியூவுக்கும் பொருந்துகிறது: நடந்ததை முதலில் வைத்து, அதிலிருந்து கிளம்பும் முடிவை மட்டும் சொல்ல வேண்டும். உரிமையியல் வழக்குகளில் 'நியாயமான விமர்சனம்' என்ற வாதமும் இதையே கேட்கிறது. சொல்லப்பட்டது கருத்து என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு அடிப்படையான நிகழ்வுகள் உண்மையாக இருக்க வேண்டும், விஷயம் பொதுமக்களைத் தொடுவதாக இருக்க வேண்டும், உள்ளே வன்மம் இருக்கக் கூடாது.

முதல் வேலை: காகிதம் சேர்ப்பது

ரிவியூ எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை: டோக்கன் சீட்டு, மருந்துச் சீட்டு, விவரமாகப் பிரித்த பில், லேப் ரிப்போர்ட், பணம் கட்டிய யுபிஐ பதிவு. மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை வைத்துக்கொண்டு எதையும் எழுத வேண்டாம். இனம்வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்ட கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால், "இந்தத் தேதியில் கேட்டேன், இன்றுவரை தரவில்லை" என்பதே ரிவியூவில் போடத் தகுந்த, யாராலும் மறுக்க முடியாத ஒரு வாக்கியமாகிவிடும்.

கூடவே, ஒரு வெள்ளைத்தாளில் அன்று நடந்ததை நேரவாரியாக எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வரும்போது நினைவில் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். டாக்டர் சொன்ன சொல் எது, நாம் ஊகித்தது எது என்பது கலந்துபோயிருக்கும்.

அதன்பிறகு கிளினிக்குக்கு ஒரு வரி. "பில்லில் உள்ள இன்ன தொகைக்கு விளக்கம் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டு, மூன்று நான்கு நாள் பொறுங்கள். இது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல. மேலே சொன்ன "உரிய கவனம்" என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. சில நேரம் பதிலே பிரச்சினையைத் தீர்த்துவிடும். ரிவியூவும் தேவைப்படாமல் போகும்.

இரண்டாவது வேலை: வாக்கியங்களைப் பிரிப்பது

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஆறு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தந்தை மாலையில் அருகிலுள்ள கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறார். டோக்கன் சீட்டில் 6.10 என்று இருக்கிறது. டாக்டரைப் பார்த்தபோது 7.50. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள், டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், இரவு பத்து மணிக்கு அனுப்புகிறார்கள். பில் 6,850 ரூபாய்: ஆலோசனை 500, பரிசோதனைகள் 2,400, டிரிப்ஸும் படுக்கையும் 3,350, நெபுலைசர் 600. நெபுலைசர் வைக்கவே இல்லை என்பது தந்தைக்கு நன்றாகத் தெரியும். அவரும் மனைவியும் முழு நேரமும் பக்கத்திலேயே இருந்தார்கள். மறுநாள் வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, "சாதாரண வைரல் காய்ச்சல்தான், இதற்கு டிரிப்ஸ் தேவையே இல்லையே" என்கிறார். அன்றிரவு தந்தை எழுதுவது இது:

"போலி டாக்டர். கொள்ளைக்காரக் கும்பல். லேபில் கமிஷன் வாங்கிக்கொண்டு டெஸ்ட் எழுதுகிறார்கள். தேவையில்லாமல் டிரிப்ஸ் ஏற்றி என் குழந்தையைக் கொல்லப் பார்த்தார்கள். வைக்காத நெபுலைசருக்கு 600 ரூபாய் பிடுங்கினார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் தண்ணி போட்டுவிட்டு வந்தவள் மாதிரி பேசுகிறாள். யாரும் போகாதீர்கள்."

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இதைச் சரியா தவறா என்று ஓர் ஆவணத்தாலோ சாட்சியாலோ சோதிக்க முடியுமா? முடியும் என்றால் அது குற்றச்சாட்டு. என்னிடம் அந்த ஆவணமோ சாட்சியோ இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சோதிக்க முடியாது என்றால் அது கருத்து. அதன் அடிப்படையை நான் படிப்பவருக்குக் காட்டியிருக்கிறேனா என்பது அடுத்த கேள்வி.

"போலி டாக்டர்" என்பது கோபத்தில் வரும் திட்டு போலத் தோன்றினாலும், ஒருவரின் தொழிலையே தாக்கும் குற்றச்சாட்டு. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்கிறார் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். இதைச் சோதிப்பதும் எளிது. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பெயர் அங்கே இருந்தால் இந்த இரண்டு சொல்லே வழக்குக்குப் போதும். உங்களைத் தோற்கடிக்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே ஒரு பதிவுச் சான்றிதழ் போதுமானது என்பதால், நோட்டீஸில் முதலில் மேற்கோள் காட்டப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும்.

"கொள்ளை" என்ற சொல் தனித்து நிற்கும்போது ஒரு மாதிரி, பில்லோடு சேர்ந்து நிற்கும்போது வேறு மாதிரி. "காய்ச்சலுக்கு 6,850 ரூபாய் பில், என்னைக் கேட்டால் கொள்ளை" என்று எழுதினால், யாரும் அதை ஆயுதம் தாங்கிய திருட்டு என்று படிக்க மாட்டார்கள். விலை அதிகம் என்ற குமுறல் அது. தொகை கண்ணெதிரே இருக்கிறது, படிப்பவர் அதிகமா இல்லையா என்று தானே முடிவு செய்துகொள்வார். "கொள்ளைக்காரக் கும்பல்" என்று அடிப்படை ஏதும் காட்டாமல் எழுதினால், திட்டம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் என்ற பொருள் ஏறிவிடுகிறது. தமிழில் நாம் மிகைப்படுத்தித் திட்டுவது சர்வ சாதாரணம், நீதிபதிக்கும் அது தெரியும். இருந்தாலும் அதை நம்பிக் கும்பலைச் சேர்க்க வேண்டியதில்லை.

கமிஷன் விஷயம்தான் இந்த ரிவியூவிலேயே மிக ஆபத்தானது. பரிசோதனைக்கு அனுப்புவதற்காகக் கமிஷன் வாங்குவதை மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன; ஆகவே இது நேரடியாகத் தொழில்முறைத் தவறு என்ற குற்றச்சாட்டு. தந்தையிடம் இருப்பது என்ன? ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்பது மட்டும். "என் கருத்துப்படி கமிஷன் வாங்குகிறார்கள்" என்று மாற்றினாலும் உதவாது. முன்னால் கருத்து என்று போட்டதால் குற்றச்சாட்டு கருத்தாகிவிடாது. "கமிஷன் வாங்குகிறார்களோ?" என்று கேள்வியாக்கினாலும் தப்பவில்லை, கிண்டலாகவோ இரண்டில் ஒன்று என்ற பாணியிலோ சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. தந்தைக்கு நேரடியாகத் தெரிந்தது, உள்ளேயே இருக்கும் லேபில்தான் எடுக்கச் சொன்னார்கள், வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பது. அதை எழுதட்டும். படிப்பவர் எதை ஊகிக்க வேண்டுமோ அதை அவரே ஊகித்துக்கொள்வார்.

"கொல்லப் பார்த்தார்கள்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் வரும் "தேவையில்லாமல் டிரிப்ஸ்" என்பதில் நுணுக்கம் இருக்கிறது. ஒரு சிகிச்சை தேவையா இல்லையா என்பது மருத்துவ முடிவு. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாக முடிவெடுப்பது மட்டுமே அலட்சியம் ஆகாது என்பது 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியிலிருந்து தெளிவாகிறது. இரண்டாவது டாக்டர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதிவிட்டு, நாளை அவரைச் சாட்சிக்கு அழைத்தால் "நான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். தொழிலில் இருப்பவர் இன்னொருவருக்கு எதிராக வந்து நிற்பது அபூர்வம். வேறொருவர் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன் என்பதும் பாதுகாப்பு அல்ல. ஆகவே, அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: "வைரல் காய்ச்சல், வாய்வழி நீர்ச்சத்து போதும்" என்று எழுதியிருந்தால், அதுவே போதுமானது.

நெபுலைசர் வாக்கியம்தான் ரிவியூவின் முதுகெலும்பு. இதுவும் குற்றச்சாட்டுத்தான், ஆனால் தந்தையிடம் பில் இருக்கிறது, வைக்கவில்லை என்று சொல்லக் கண்ணால் கண்ட அவரும் மனைவியும் இருக்கிறார்கள். "பிடுங்கினார்கள்" என்ற சொல் மட்டும் இங்கே தேவையில்லாத ஒன்றைச் சேர்க்கிறது: தெரிந்தே ஏமாற்றினார்கள் என்ற நோக்கத்தை. கணினியில் தவறான இனத்தைத் தட்டியிருக்கலாம், பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் கணக்கு ஏறியிருக்கலாம். நடந்தது தெரியும், நோக்கம் தெரியாது. அவதூறு வழக்குகளில் ரிவியூ எழுதுபவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். செயலைப் பற்றிய ஒரு நல்ல வாக்கியத்தை, நோக்கத்தைப் பற்றிய ஒரு சொல் கெடுத்துவிடுகிறது.

ரிசப்ஷன் பெண்ணை முழுவதுமாக விட்டுவிடலாம். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும். குடித்திருந்தார் என்று தோன்றும்படி எழுதுவதில் பொது நன்மை எதுவும் இல்லை. வரவேற்பில் அலட்சியமாகப் பேசினார்கள் என்றால், பேசிய சொல்லை அப்படியே எழுதலாம்: "எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, அவசரம்னா வேற எடத்துக்குப் போங்க என்று பதில் வந்தது."

"யாரும் போகாதீர்கள்" என்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது அறிவுரை, எச்சரிக்கை. மேலே உண்மையான அடிப்படை இருந்தால் பத்தாவது விதிவிலக்கு அதற்குத் துணை நிற்கும். "நான் இனி போக மாட்டேன்" என்று எழுதினால் இன்னும் நல்லது, வாதிட ஒன்றுமே இருக்காது.

மூன்றாவது வேலை: திருப்பி எழுதுவது

மேலே உள்ளதையெல்லாம் கணக்கில் கொண்டு அதே தந்தை எழுதினால் இப்படி வரும்:

"மூன்று நாள் காய்ச்சலோடு மகளை அழைத்துச் சென்றேன். 6.10-க்கு டோக்கன், 7.50-க்குத்தான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனையை உள்ளே இருக்கும் லேபில்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஏன் என்று யாரும் விளக்கவில்லை. மொத்தம் 6,850 ரூபாய். அதில் நெபுலைசருக்கு 600 ரூபாய். என் மகளுக்கு நெபுலைசர் வைக்கவே இல்லை. விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி ஐந்து நாள் ஆகிறது, பதில் இல்லை. மறுநாள் பார்த்த டாக்டர், வைரல் காய்ச்சல், வாய்வழி நீர்ச்சத்து போதும் என்று எழுதிக் கொடுத்தார். காய்ச்சலுக்கு இந்தத் தொகை என்னைப் பொறுத்தவரை அநியாயம். குழந்தையை இவ்வளவு அலட்சியமாகப் பார்த்த இடத்துக்கு நான் இனி போக மாட்டேன்."

இது முந்தையதைவிட மென்மையானதல்ல. படிக்கும் பெற்றோருக்கு இதுதான் அதிகம் உறைக்கும், கிளினிக்குக்கும் இதற்குத்தான் பதில் சொல்வது கடினம். "அநியாயம்", "அலட்சியம்" என்ற இரண்டு கடுமையான சொற்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் அவற்றின் காரணங்கள் நிற்கின்றன.

போடும்போது சில கவனங்கள். சொந்தக் கணக்கிலிருந்து, ஒரே தடவை போடுங்கள்; மைத்துனர், அலுவலக நண்பர்கள் என்று ஐந்து பேரை வைத்து ஒரு நட்சத்திரம் போட வைத்தால், சிகிச்சைக்கே போகாதவர்களின் அந்த ரிவியூக்கள் பொய்யாகிவிடுகின்றன, உங்கள் உண்மையான ரிவியூவுக்கும் வன்மம் என்ற சாயம் ஏறிவிடுகிறது. புனைபெயர் காக்காது, நீதிமன்றம் உத்தரவிட்டால் கணக்கின் விவரங்கள் வெளியே வரும். பில் படம் போடுவதானால் குழந்தையின் பெயர், எண், பிற நோயாளிகளின் விவரங்களை மறைத்துவிடுங்கள். அதே வாசகத்தை ஏரியா வாட்ஸ்அப் குழுவில் போடும்போது, சுருக்குகிறேன் என்று "ஃபிராடு கிளினிக், உஷார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிப்படையை வெட்டிவிட்டுக் கருத்தை மட்டும் அனுப்புவது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "பணத்தைத் திருப்பித் தந்தால் ரிவியூவை எடுத்துவிடுகிறேன்" என்று எந்த வடிவத்திலும் எழுத வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை, ரிவியூ எழுதுவதும் உரிமை. இரண்டையும் முடிச்சுப் போட்டால் மிரட்டிப் பணம் கேட்டதாகப் புகார் எழ வழி பிறக்கிறது, நல்லெண்ணம் என்ற வாதமும் அந்த ஒரு மெசேஜில் முடிந்துவிடும்.

ரிவியூவில் எழுத முடியாமல் போன சந்தேகங்களுக்கு வேறு இடம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாரை எட்டாவது விதிவிலக்கு காக்கிறது. கமிஷன் என்ற ஐயத்துக்கும் டாக்டரின் நடத்தைக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். கிளினிக்கின் பதிவும் வசதிகளும் பற்றியது என்றால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். பணமும் சேவைக் குறைபாடும் என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே கொடுத்த புகாரை ஸ்கேன் செய்து பொதுவில் போட்டால் அந்தப் பாதுகாப்பு கூடவே வராது.

நோட்டீஸ் வந்துவிட்டால்

பெரும்பாலான தகராறு வக்கீல் நோட்டீஸோடு நின்றுவிடும். ஏழு அல்லது பதினைந்து நாளுக்குள் ரிவியூவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, இத்தனை லட்சம் தர வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் கெடுவை வைத்தது வக்கீல், நீதிமன்றம் அல்ல. தொகையைப் பார்த்து அரண்டுபோகவும் வேண்டாம், கோபத்தில் நோட்டீஸைப் படம் பிடித்து ரிவியூவுக்குக் கீழே ஒட்டவும் வேண்டாம்.

முதலில் ரிவியூவை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அசல் கோப்பை அழிக்காமல் வையுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டியிருக்கும்; அந்தப் போன் உங்கள் கையில் இருந்தால்தான் அதைத் தருவது எளிது. பிறகு நோட்டீஸில் எந்த வாக்கியத்தைத் தவறு என்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாமே தவறு என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், எந்த வாக்கியம், எந்த ஆவணத்தின்படி தவறு என்று உங்கள் வக்கீல் மூலம் பதிலில் கேளுங்கள். குறிப்பாக ஒன்றைச் சொல்லி, அது உண்மையிலேயே உங்கள் பிழை என்று தெரிந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் திருத்தி, திருத்திய தேதியைக் கீழே போடுங்கள். பயத்தில் முழுவதையும் நீக்குவது சில நேரம் புத்திசாலித்தனம்தான், ஆனால் நீக்கியதும் பிரச்சினை ஒழிந்தது என்று எண்ண வேண்டாம். வெளியிட்ட குற்றச்சாட்டு வெளியிட்டதாகவே இருக்கும்.

போலீஸ் நிலையத்திலிருந்து "விசாரணைக்கு வாங்க" என்று அழைப்பு வருவதும் உண்டு. அவதூறு என்பது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றமல்ல. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவின்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பின் பேச்சைக் கேட்க வேண்டும்; பில்லும் மின்னஞ்சலும் வைத்திருப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. இன்னும் சிலர், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கியிருந்த ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவைக் காட்டி மிரட்டுகிறார்கள்; அந்தப் பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் ரிவியூவிலோ போனிலோ மிரட்டலும் ஆபாச வசையும் இருந்தால் கதை வேறு. அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

கிளினிக் உரிமையியல் நீதிமன்றம் போனால், வழக்கு முடியும்வரை ரிவியூவை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை கேட்கும். விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுக்கும் உத்தரவை இயந்திரத்தனமாகத் தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களை எச்சரித்திருக்கிறது. உங்கள் வக்கீல் அதைச் சுட்டிக்காட்டலாம். அது எடுபட வேண்டுமானால், சொன்னது உண்மை என்று நிலைநாட்டத் தயார் என்ற உங்கள் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் முதல் வாய்தாவிலேயே கோப்பில் இருக்க வேண்டும். மானநஷ்ட வழக்குக்கான காலவரம்பு வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டு. குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு. பழைய ரிவியூவை எடுத்து மீண்டும் புதிதாகப் போட்டால், அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று வாதிட நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

சமரசம் பேசினால் பேசலாம். அவதூறு இரு தரப்பும் சமாதானமாகப் போகச் சட்டம் அனுமதிக்கும் குற்றம். நம் எடுத்துக்காட்டில் கிளினிக் 600 ரூபாயைத் திருப்பித் தந்து, பில் போடுவதில் பிழை நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தந்தை "நான் எழுதியது பொய்" என்று கையெழுத்திட வேண்டியதில்லை. "நெபுலைசர் கட்டணம் இன்ன தேதியில் திருப்பித் தரப்பட்டது, பிழை என்று கிளினிக் விளக்கியது" என்று ரிவியூவில் சேர்த்தால் போதும், அதைச் சேர்க்க வேண்டியதும் நியாயம். ஒப்பந்தம் எழுதும்போது, உரிமையியல் வழக்கு, குற்றவியல் புகார் இரண்டையும் கைவிடுவதாக ஒரே தாளில் எழுதி, கிளினிக்கின் சார்பிலும் டாக்டரின் தனிப்பட்ட பெயரிலும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். இருவரும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு ஆட்கள், ஒருவர் விலகினாலும் மற்றவர் வழக்குப் போடலாம்.